உங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் முன் உட்காரும்போது: வங்கி அதிகாரியின் முதல் பதவி உயர்வு நேர்காணல்

வேலையில் சேர வரும்போது நேர்காணல் குழுவுக்கு நம்மைப் பற்றித் தெரிவது நாம் எழுதிக் கொடுத்ததும் அந்த அறையில் நாம் பேசுவதும்தான். பொதுத்துறை வங்கியில் ஸ்கேல் ஒன்றிலிருந்து ஸ்கேல் இரண்டுக்குப் போகும் நேர்காணலில் நிலைமை வேறு. எதிரே இருக்கும் மண்டல மேலாளர், போன வாரம் நடந்த வீடியோ கூட்டத்தில் உங்கள் கிளையின் நிலுவைப் பட்டியலை வரிவரியாகக் கேட்டவராக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவரிடம் நீங்கள் பயிற்சி அதிகாரியாக வேலை பார்த்திருக்கலாம். உங்கள் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையின் மதிப்பெண்ணும் மேசையில் இருக்கும். ‘கடின உழைப்பாளி’ என்று சொன்னாலும், ‘எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் என் பலவீனம்’ என்று சொன்னாலும் அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் முறை இந்த நேர்காணலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வங்கிப் பொது அறிவையே விழுந்து விழுந்து படிக்கிறார்கள். அது வேண்டும்தான். ஆனால் அதற்கான புத்தகங்களும் குறிப்புகளும் எங்கும் கிடைக்கின்றன. உங்களைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கருத்தை என்ன செய்வது என்பதற்குத்தான் யாரும் குறிப்பு எழுதித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தொடங்கும் முன் உங்கள் வங்கியின் பதவி உயர்வுக் கொள்கையையும் அந்த ஆண்டின் சுற்றறிக்கையையும் ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். எழுத்துத் தேர்வு, ஆண்டு மதிப்பீடு, நேர்காணல் ஆகியவற்றுக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை ஆண்டு மதிப்பீடு எடுத்துக்கொள்ளப்படும், நேர்காணலில் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டா, ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகளுக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்பதெல்லாம் வங்கிக்கு வங்கி மாறும். பக்கத்து வங்கி நண்பர் சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

முதலில் உங்கள் கோப்பை நீங்கள் படியுங்கள்

குழுவிடம் உள்ள தாள்கள் அத்தனையையும் அவர்களுக்கு முன்பே நீங்கள் படித்திருக்க வேண்டும். அதில் முதன்மையானது ஏபிஏஆர் என்னும் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. மதிப்பெண்ணுக்குக் கீழே மதிப்பிடும் அதிகாரியும் மறு ஆய்வு செய்யும் அதிகாரியும் ஒன்றிரண்டு வரி எழுதியிருப்பார்கள். நேர்காணலுக்கு அந்த வரிகள்தான் முக்கியம்.

இதைப் பார்க்கும் உரிமை எப்படி வந்தது என்பது தெரிந்திருந்தால் கேட்கத் தயக்கம் இருக்காது. எல்லைச் சாலை அமைப்பில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவரின் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1993-94 ஆண்டுக்கு அவருக்கு ‘நன்று’ என்று போட்டிருந்தார்கள். பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ தேவை. ‘நன்று’ என்பது கெட்ட மதிப்பீடு இல்லை என்பதால் அதை அவரிடம் தெரிவிக்கவே இல்லை; பதவி உயர்வும் போனது. நல்லதோ கெட்டதோ, எந்த மதிப்பீட்டையும் அரசு ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், மறுப்பு எழுத வாய்ப்புத் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 2013-ல் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதை உறுதி செய்தது. இன்று பெரும்பாலும் வங்கியின் மனிதவள இணையப் பக்கத்திலேயே அறிக்கை இருக்கும். மறுப்பு எழுதுவதற்கு உரிய கெடு உண்டு. அறிக்கை வெளியானவுடன் படிக்காதவர்களுக்கு அந்தக் கெடு முடிந்துபோயிருக்கும். நேர்காணல் அறை மறுப்புச் சொல்லும் இடம் இல்லை.

ஏபிஏஆரோடு இன்னும் இரண்டு தாள்களைச் சேர்த்து வைத்துப் படியுங்கள். ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் நீங்களே எழுதிய சுயமதிப்பீடு. அதில் அவசரத்தில் ‘வசூலில் சிறப்பாகச் செயல்பட்டேன்’ என்று எழுதியிருப்பீர்கள். அதே ஆண்டு கிளையின் வாராக்கடன் ஏறியிருக்கும். ஒரு கேள்வி அங்கேதான் பிறக்கும். இன்னொன்று, உங்கள் கிளையின் கடைசி ஆய்வு அறிக்கை. அதில் உங்கள் மேசை சம்பந்தப்பட்ட குறைகள் எவை, எவை இன்னும் முடிக்கப்படாமல் இருக்கின்றன என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது?

குழுவில் யார் யார் இருக்கக்கூடும் என்பது மண்டல அலுவலகத்தில் ஓரளவு தெரிந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எடுத்து மூன்று விஷயம் எழுதுங்கள்: இவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும், எதன் வழியாகத் தெரியும், அது எந்த மாதத்துச் செய்தி. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒருவரைச் சொல்லி விளக்குகிறேன். பலரிடம் பார்த்ததைச் சேர்த்து அமைத்த எடுத்துக்காட்டு இது. தேனிப் பக்கம் ஒரு சிறு நகரக் கிளையில் கடன் பிரிவைப் பார்க்கும் உதவி மேலாளர் ஒருவர். ஐந்து ஆண்டு அனுபவம். வாடிக்கையாளர்கள் இவரைத் தேடித்தான் வருவார்கள். சிறுதொழில் கடன், வாகனக் கடன் இரண்டிலும் இலக்கைத் தாண்டுவார். குறை எங்கே என்றால் கடன் கொடுத்த பிறகு. ‘கடனுக்குப் பிந்தைய கண்காணிப்பில் முன்னேற்றம் தேவை’ என்று இரண்டு ஆண்டாக ஏபிஏஆரில் வருகிறது. ஆய்வு அறிக்கையில் கடனுக்குப் பிந்தைய நேரடி ஆய்வு 22 கணக்குகளில் நிலுவை. தவணை தவறி வாராக்கடனாகும் அபாயத்தில் உள்ள கணக்குகளின் எஸ்எம்ஏ-1, எஸ்எம்ஏ-2 பட்டியல் இரண்டிலும் சேர்த்து இவருடைய பிரிவில் 14 கணக்குகள்.

இவருடைய குழுவில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். மண்டல மேலாளருக்கு இவரை வாராந்திரக் கூட்டத்தின் பட்டியல் வழியாகத் தெரியும். அவர் மனதில் இவர் ‘பட்டியலில் பெயர் வரும் அதிகாரி’. துணை மண்டல மேலாளர், இவர் பயிற்சியில் இருந்த கிளைக்கு அப்போது தலைவர். அவருக்கு இவர் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் புதுப் பெண். நல்ல அபிப்பிராயம்தான், ஆனால் நான்கு ஆண்டு பழையது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவருக்குக் கோப்பு மட்டும்தான் தெரியும்.

ஆக, ‘குழுவுக்கு என்னை நன்றாகத் தெரியும்’ என்று நாம் நினைப்பதில் பாதிதான் உண்மை. ஒருவருக்கு ஒரு பட்டியல் தெரியும், இன்னொருவருக்கு ஒரு பழைய நினைவு. இப்படிக் கொஞ்சம் தெரிந்ததை வைத்து முழு ஆளையும் எடைபோடுவது மனித இயல்பு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-ல் ராணுவ அதிகாரிகளுக்கு அவர்களின் மேலதிகாரிகள் கொடுத்த மதிப்பீடுகளை ஆராய்ந்தார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகக் கேட்டும் ஒன்றில் உயர்ந்த மதிப்பு வாங்கியவர் மற்றதிலும் உயர்ந்த மதிப்பே வாங்கியிருந்தார். அந்தப் பண்புகள் உண்மையில் அவ்வளவு ஒட்டிப் போகக் காரணமே இல்லை. மதிப்பிட்டவர் மனதில் இருந்த ஒட்டுமொத்த எண்ணம்தான் எல்லாக் கட்டத்திலும் இறங்கியிருந்தது. நம் அதிகாரியின் விஷயத்திலும், ‘கண்காணிப்பில் தாமதம்’ என்ற ஒரு வரி ‘பொறுப்பு போதாது’ என்று மண்டல மேலாளர் மனதில் பரவியிருக்க வாய்ப்பு உண்டு.

இதிலிருந்து நேர்காணலில் உங்கள் வேலை என்ன என்பது தெளிவாகிறது. உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டாம். பெரிய ஆளாகக் காட்டவும் வேண்டாம். அவர்களிடம் இருக்கும் பழைய செய்தியைப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் புதிய செய்தியை அவர்கள் தங்கள் கணினியிலேயே சரிபார்க்க முடிய வேண்டும்.

குறையில் கை வையுங்கள், பேச்சில் பிறகு

சுற்றறிக்கை வந்ததிலிருந்து நேர்காணல் வரை சில வாரங்கள் கிடைக்கும். அந்த நாட்களில் எல்லாக் குறையையும் சரிசெய்ய முடியாது. குழுவில் இரண்டு பேருக்காவது தெரிந்த ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். நம் அதிகாரிக்கு அது கண்காணிப்பு. அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நேர்காணலில் பேசப்போவது இதைத்தான்.

முதலில் அந்த 14 கணக்குகளையும் காரணம் வாரியாகப் பிரித்தார். ஐந்து கணக்குகளில் தொழில் நன்றாகவே ஓடியது. விற்பனைப் பணம் வேறு வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்ததால் நம் வங்கிக் கணக்கில் தவணை நாளன்று இருப்பு இல்லை. மூன்று பேர் கூப்பிட்டுச் சொன்னால்தான் கட்டுகிறவர்கள். நான்கு பேருக்கு உண்மையாகவே வியாபாரம் மந்தம். இரண்டு தொழில்கள் மூடிவிட்டன. இப்படிப் பிரித்துப் பார்க்கும் வரை 14 கணக்கும் ஒரே தலைவலியாகத் தெரிந்தது. பிரித்த பிறகு எட்டுக் கணக்குகளுக்கு வழி இருப்பது தெரிந்தது.

ஐந்து பேரிடமும் விற்பனைப் பணம் விழும் கணக்கிலிருந்தே தவணை எடுக்க புதிய என்ஏசிஎச் ஒப்புதல் வாங்கினார். மூன்று பேருக்குத் தவணை நாளுக்கு ஐந்து நாள் முன்பே எழுத்தர் ஒருவர் போன் செய்யும்படி ஏற்பாடு செய்தார். மந்தமான நான்கு பேரையும் நேரில் பார்த்து, மாதம் ஒரு தவணையாவது கட்டிக்கொண்டே வரச் சொன்னார். புதன்கிழமை பிற்பகலைக் களப்பணிக்கு என்று ஒதுக்கி, நிலுவையில் இருந்த நேரடி ஆய்வுகளை முடிக்கத் தொடங்கினார்.

ஆறு வாரம் கழித்து நிலை இது: எட்டுக் கணக்குகள் சீராகிவிட்டன. நான்கு பட்டியலில்தான் இருக்கின்றன, ஆனால் மேலும் மோசமாகவில்லை. மூடிய தொழில்கள் இரண்டும் வாராக்கடனாகிவிட்டன. புதிதாக ஒன்று பட்டியலில் சேர்ந்திருக்கிறது. ஆகப் பட்டியலில் இப்போது ஐந்து. நேரடி ஆய்வு நிலுவை 22-லிருந்து 4.

இரண்டு கணக்கு வாராக்கடனானதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘14 கணக்கு 5 ஆகிவிட்டது’ என்று மட்டும் சொன்னால், வாராக்கடன் பட்டியலும் கையில் வைத்திருக்கும் மண்டல மேலாளருக்கு அந்த இரண்டும் எங்கே போயின என்று தெரியும். மற்ற எட்டின் மீதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நீங்கள் கை வைத்த குறை எந்தத் துறையைச் சேர்ந்ததோ, அந்தத் துறையின் விதிகள் உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். குழு அங்கேதான் தோண்டும். கண்காணிப்பு என்றால் நாள் கணக்கு. ரிசர்வ் வங்கி 2021 நவம்பர் 12 சுற்றறிக்கையில் இதை எடுத்துக்காட்டோடே விளக்கியிருக்கிறது. மார்ச் 31-ல் கட்ட வேண்டிய தவணை அன்று நாள் முடிவுக்குள் வரவில்லை என்றால் அன்றே அது நிலுவை. தொடர்ந்து கட்டாவிட்டால் ஏப்ரல் 30-ல் எஸ்எம்ஏ-1, மே 30-ல் எஸ்எம்ஏ-2, ஜூன் 29-ல் வாராக்கடன். வாராக்கடனான பிறகு ஒரு தவணையைக் கட்டி மேலே வர முடியாது. அசல், வட்டி நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு சீரானதாகும். பட்டியலில் இருக்கும்போதே மாதம் ஒரு தவணையாவது வாங்குவதன் பயன் இங்கேதான் இருக்கிறது. இன்னொரு கிளைக்கேள்வியும் வரக்கூடும்: பயிர்க்கடனுக்கு இந்த எஸ்எம்ஏ நாள் கணக்கு பொருந்துமா? பொருந்தாது, அங்கே பயிர்ப் பருவத்தை வைத்துத்தான் வகைப்படுத்துகிறோம். குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் தாண்டினால் வாராக்கடன். குறையைச் சரிசெய்ய உண்மையிலேயே உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும்.

பலமும் ஒரு சிக்கல்தான்

குறையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பதால் பலத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். உங்கள் பலத்தைக் குழு அறியும், ஆனால் அதை இப்போதைய பதவிக்கான பலமாகத்தான் அறியும். ‘வாடிக்கையாளர்கள் இவரைத் தேடி வருவார்கள்’ என்பது உதவி மேலாளருக்குப் பெருமை. ஸ்கேல் இரண்டு என்றால் சிறு கிளைக்குத் தலைவராகவே போக நேரிடலாம். அங்கே எல்லாரும் ஒருவரையே தேடி வந்தால் மற்ற மேசைகள் சும்மா இருக்கும். அனுபவமுள்ள குழு உறுப்பினருக்கு இது உடனே தோன்றும்.

அதனால் உங்கள் பலத்தை அடுத்த நாற்காலியில் வைத்துப் பாருங்கள். எதைச் சேர்த்தால் அது அங்கே செல்லும்? நம் அதிகாரி ஒரு நல்ல காரியம் செய்தார். தவணைக்கு முந்திய அழைப்புகளை எழுத்தரிடம் கொடுத்ததும், எந்த வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். ‘என் வாடிக்கையாளர்கள் இப்போது அவரிடமும் பேசுகிறார்கள்’ என்று சொல்ல முடிந்தது. ‘எனக்கு வாடிக்கையாளர் உறவு நன்றாக வரும்’ என்பதைவிட இந்த வாக்கியம் அவரை ஸ்கேல் இரண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

கிளை மேலாளரிடம் ஒரு பேச்சு

உங்கள் மதிப்பீட்டை எழுதியவரிடமே போய்க் கேளுங்கள். ‘நான் எப்படி சார்?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்லாத்தான் பண்றீங்க’ என்று முடித்துவிடுவார். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்: “சார், மண்டல ஆபீஸ்ல என்னைப் பத்திப் பேச்சு வந்தா எதை முதல்ல சொல்லுவாங்க? மேனேஜரா அனுப்பறதுக்கு யோசிக்க வைக்கிற விஷயம் எது?” இப்படிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள். சொல்லும்போது குறுக்கே விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து என்ன மாறியிருக்கிறது என்பதைப் பட்டியலோடு போய்க் காட்டுங்கள். மண்டல மேலாளர் நேர்காணலுக்கு முன் கிளை மேலாளரிடம் சாதாரணமாக ஒரு வார்த்தை கேட்டால், அவர் வாயிலிருந்து புதிய செய்தி வரும்.

இதற்கும் சிபாரிசு பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறக்க வேண்டாம். பதவி உயர்வுக்காக வெளிச்செல்வாக்கைக் கொண்டுவருவதை வங்கி அதிகாரிகளின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. குழு உறுப்பினர் வீட்டுக்குப் போவது, தெரிந்தவர் மூலம் சொல்லிவிடுவது எல்லாம் வேண்டாத வேலை. நேர்மையான அதிகாரி ஒருவர் அதைக் கேள்விப்பட்டால் அதுவே உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த புதிய செய்தியாகிவிடும்.

ஒத்திகை

வீட்டில் கண்ணாடி முன் பேசிப் பார்ப்பதைவிட, உங்களோடு வேலை பார்த்த ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்வது மேல். உங்கள் குறை தெரிந்தவராக இருக்க வேண்டும். உங்களை நோகடிக்கத் தயங்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. பதில்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் சொல்ல வேண்டியிருக்கும் என்றால், தமிழில் யோசித்து வைத்ததை அந்த மொழியில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதில் ஒரு நிமிடமாகத் தெரிந்த பதில் வாய்விட்டுச் சொன்னால் மூன்று நிமிடம் இழுக்கும். குறை பற்றிய பதிலை ஒன்றரை நிமிடத்துக்குள் கொண்டுவாருங்கள்.

அந்தப் பதிலுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் குறையை அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்து காரணம், ஒரே வாக்கியத்தில். பிறகு என்ன மாற்றினீர்கள், எண்ணில். கடைசியாக இன்னும் என்ன மீதம் இருக்கிறது. நம் அதிகாரியின் நேர்காணல் இப்படிப் போகலாம். தமிழில் தருகிறேன்.

“உங்கள் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் எப்போதும் வருகிறதே?”

“ஆமாம் சார். இரண்டு வருட ஏபிஏஆரிலும் அது இருக்கிறது. புதிய கடனுக்கு நேரம் கொடுத்த அளவுக்குக் கொடுத்த கடனுக்கு நான் கொடுக்கவில்லை. ஆறு வாரத்துக்கு முன் 14 கணக்கு இருந்தது. காரணம் பிரித்துப் பார்த்ததில் ஐந்து கணக்கில் பணம் வேறு வங்கியில் விழுந்துகொண்டிருந்தது; புதிய ஒப்புதல் வாங்கினேன். மூன்று பேருக்கு முன்கூட்டியே அழைப்புப் போகிறது. இந்த எட்டும் சீராகிவிட்டன. தொழில் மூடிய இரண்டு கணக்கு வாராக்கடனாகிவிட்டது சார், அதைத் தடுக்க முடியவில்லை. புதிதாக வந்த ஒன்றோடு சேர்த்து இப்போது ஐந்து. நேரடி ஆய்வு 22-ல் 18 முடிந்தது.”

“மூடிய இரண்டையும் முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா?”

“ஒன்றை முடியும் சார். அந்தக் கடைக்கான ஆய்வு நிலுவையில் இருந்தது. போயிருந்தால் சரக்கு குறைந்தது தெரிந்திருக்கும். அதனால்தான் புதன்கிழமையை இனி மாற்றுவதாக இல்லை.”

இரண்டாவது பதிலைக் கவனியுங்கள். ‘முடியாது சார்’ என்று சொல்லித் தப்பிக்கலாம்; ஆய்வு நிலுவைப் பட்டியல் மேசையில் இருக்கும்போது அது நிற்காது. கேள்வி கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். நீங்கள் அதைச் சொல்கிறீர்களா என்றுதான் அவர் பார்க்கிறார்.

ஆள் பற்றாக்குறை, பழைய அதிகாரி விட்டுப்போன கணக்கு போன்ற காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். ஒரு வாக்கியத்துக்கு மேல் அவற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள், ஆள் பெயரும் சொல்லாதீர்கள். பழைய அதிகாரி குழுவில் இருப்பவரின் நெடுநாள் நண்பராக இருக்கலாம். கிளையின் ஆள் பற்றாக்குறை மண்டல மேலாளருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆள் அனுப்பாதவரே அவர்தான்.

அறைக்குள் கவனிக்க வேண்டியவை

தெரிந்தவர் குழுவில் இருந்தால் ‘சாருக்குத் தெரியும்’ என்று பதிலைப் பாதியில் விடும் பழக்கம் வரும். விடாதீர்கள். அவருக்குத் தெரிந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மதிப்பெண் போடுவது மூவரும். நம் எடுத்துக்காட்டில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவருக்கு அந்தக் கிளை தேனியில் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. எனவே ஒவ்வொரு பதிலுக்கும் முன் அரை வாக்கியம் பின்னணி கொடுங்கள். தெரிந்தவர் சிரித்துக்கொண்டே உரிமையோடு பேசினாலும் நீங்கள் மரியாதை குறையாமல் பதில் சொல்லுங்கள்; அவரோடு நெருக்கம் என்று காட்டிக்கொள்வது மற்ற இருவருக்கும் உறுத்தும்.

அவர்கள் சொல்லும் தகவல் பழையதாக இருந்தால் ‘தவறு சார்’ என்று ஆரம்பிக்க வேண்டாம். “மார்ச் பட்டியலில் அப்படித்தான் சார் இருந்தது. இந்த வாரப் பட்டியலில் இது” என்று தேதியோடு சொல்லுங்கள். அவர் சொன்னதும் சரியாக இருக்கும், நீங்கள் சொல்வதும் சரியாக இருக்கும். தகவல் முற்றிலும் தவறு என்றால், உதாரணமாக வேறு அதிகாரியின் கணக்கை உங்களுடையது என்று நினைத்துப் பேசினால், ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள். அதே விஷயத்தை மறுபடி மறுபடி எடுத்தால் மிச்ச நேரம் அதிலேயே போய்விடும்.

ஏபிஏஆரில் உங்களுக்கு உடன்பாடில்லாத வரி இருந்து, அதைப் பற்றிக் கேட்டால்? உரிய காலத்தில் மறுப்பு எழுதியிருந்தால் “அது பற்றி அப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன் சார்” என்று ஒரு வரி போதும். எழுதவில்லை என்றால் இப்போது வாதம் செய்வதில் பயனில்லை. அந்த வரியில் எந்த அளவு உண்மை இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துப் பதில் சொல்லுங்கள்.

கிளையின் எண்கள் விரல் நுனியில் இருக்கட்டும்: வைப்பு, கடன், நடப்பு-சேமிப்புக் கணக்குகளின் பங்கு, வாராக்கடன் விழுக்காடு. உங்கள் மேசை கடன் மேசையாக இருந்தாலும் வைப்பு பற்றிக் கேட்பார்கள், ஏனென்றால் கிளைத் தலைவர் இரண்டையும் பார்க்க வேண்டும். முன்னுரிமைத் துறைக்கு 40 விழுக்காடு, அதில் வேளாண்மைக்கு 18 என்ற தேசிய இலக்குகளைச் சொல்லிவிட்டு உங்கள் கிளையின் நிலையைச் சொல்லத் தெரியாமல் விழிப்பவர்கள் நிறைய.

பெரும்பாலும் கடைசியில் வரும் ஒரு கேள்விக்கு வீட்டிலேயே பதில் முடிவு செய்துவிட்டுப் போங்கள்: எங்கே போட்டாலும் போவீர்களா? பதவி உயர்வோடு வேறு மண்டலத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ மாற்றல் வரக்கூடும். கணவரிடமோ மனைவியிடமோ பெற்றோரிடமோ பேசாமல் போய் ‘போவேன் சார்’ என்று சொல்லிவிட்டு, ஆணை வந்ததும் மறுக்கிறவர்களைக் குழு நிறையப் பார்த்திருக்கிறது. பதவி உயர்வை மறுத்தால் அடுத்த சில காலம் தேர்வுக்கே வர முடியாதபடி பல வங்கிகளின் கொள்கையில் விதி உண்டு. உங்கள் சுற்றறிக்கையில் அதைத் தேடிப் படியுங்கள். உங்கள் நிலைமை முன்பே அவர்களுக்குத் தெரியும் என்றால், உதாரணமாக அம்மாவின் சிகிச்சைக்காகப் போன ஆண்டு மாற்றல் கேட்டு எழுதியிருந்தால், அந்தக் கடிதமும் கோப்பில் இருக்கும். “போன வருடம் கேட்டிருந்தேன் சார். இப்போது அம்மாவை என் தம்பி பார்த்துக்கொள்கிறார், நான் போக முடியும்” என்று மாறியதைச் சொல்லுங்கள். மாறவில்லை என்றால், எந்த ஊர்களுக்குப் போக முடியும், எவ்வளவு காலம் அவகாசம் வேண்டும் என்பதைச் சொல்லலாம்; எங்கே நியமிப்பது என்பது அவர்கள் கையில்.

வெளியே வந்த உடனே, கேட்ட கேள்விகளை யார் கேட்டது என்ற குறிப்போடு எழுதி வையுங்கள். மூவரில் யார் எந்தக் குறையை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறார் என்பது அதிலிருந்து தெரியும். ஸ்கேல் மூன்றுக்குப் போகும்போது அவர்களில் ஒருவர் மறுபடி எதிரே உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். திங்கட்கிழமை கிளைக்குப் போனதும் அந்த ஐந்து கணக்குகளின் பட்டியலை மறுபடி எடுங்கள். முடிவு வருவதற்குள் அடுத்த வாராந்திரக் கூட்டம் வந்துவிடும்.